உண்ணிக்கு 21 நாள், தட்டைப்புழுவுக்கு 4 மாதம்: மேய்ச்சலை நாள் கணக்கில் பார்ப்பது எப்படி

போன வருஷம் மே கடைசியில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டிலிருந்து அண்ணி போன் செய்தார். கன்று போட்டு 20 நாள் ஆன ஜெர்சி கலப்பின மாடு தீனி எடுக்கவில்லை, 9 லிட்டர் கறந்தது 3 லிட்டருக்கு வந்துவிட்டது, உடம்பு கொதிக்கிறது என்றார். மூன்று வாரம் கழித்து அதே கொட்டாயில் இன்னொரு ஜெர்சிக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கித் தொங்கியது. முதல் மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல், இரண்டாவதற்குக் கல்லீரல் தட்டைப்புழு. இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. ஆனால் இரண்டையும் வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தபோது, எந்த மாதம் மாடு எங்கே நின்றது, எங்கே மேய்ந்தது என்ற ஒரே கேள்வியில்தான் வந்து முடிந்தது. நான் பல வருஷம் கால்நடைத் துறையில் களவேலை பார்த்தவன். மருந்துப் பெயர் கேட்பவர்கள் நிறைய, இந்த நாள் கணக்கைக் கேட்பவர்கள் குறைவு. அதனால் புதிதாக மாடு வாங்கியவர்களுக்கும் புரிகிற மாதிரி அதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டில் மொத்தம் 4 உருப்படி. கறவையில் இரண்டு ஜெர்சி, பொய்கைச் சந்தையில் வாங்கி வந்த இரண்டு வயதுக் கிடேரி ஒன்று, பன்னிரண்டு வயசுக்கு மேல் ஆன நாட்டு மாடு ஒன்று. ஒரு ஏக்கர் மானாவாரிக் கொல்லை, முக்கால் ஏக்கர் கழனி, பக்கத்தில் ஏரி. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் அமைப்பு.

முதலில் காய்ச்சல். உண்ணி கடிப்பதால் மட்டும் இந்தக் காய்ச்சல் வருவதில்லை. உண்ணியின் எச்சிலோடு ரத்தத்துக்குள் போகும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளால் வருகிறது. அவற்றில் நம் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, அடையாளத்தை மறக்கக்கூடாது. தைலேரியா என்றால் தோள்பட்டைக்கு முன்னால், கழுத்து சேரும் இடத்தில் நெறி கட்டும். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் உருளுகிற மாதிரி கைக்குத் தட்டுப்படும், சில மாட்டுக்கு அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். பபேசியா என்றால் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும், ஏனென்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து அந்தச் சாயம் மூத்திரத்தில் வருகிறது. அனாபிளாஸ்மாவில் மூத்திரம் நிறம் மாறாது, மாடு வெளுத்து மஞ்சள் பாய்ந்து போகும், சாணம் கெட்டியாகி மலச்சிக்கல் வரும். மூன்றிலும் சுரம் இருக்கும். நல்ல மாட்டின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. அண்ணியின் மாட்டுக்கு அன்றைக்கு 106.

அங்கேதான் ஒரு தவறு நடந்தது. கன்று போட்ட மாடு என்பதால் மடி நோயாக இருக்கும் என்று பக்கத்தில் ஊசி போடும் ஒருவர் இரண்டு நாள் சுரத்துக்கும் மடிக்கும் மருந்து போட்டார். சுரம் இறங்கிற மாதிரி இறங்கி மறுபடி ஏறியது. மூன்றாம் நாள் நான் போய்த் தோள்பட்டை முன்னால் தடவினேன், நெறி இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்சிவப்பு வெளிறிப் போயிருந்தது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக் கால்நடை மருத்துவர் பார்த்ததில் தைலேரியா உறுதியானது. அதற்கென்று இருக்கிற புபார்வாகோன் ஊசி போட்டார். மாடு பிழைத்தது, ஆனால் அந்த ஈத்தில் 6 லிட்டரைத் தாண்டவே இல்லை. பபேசியாவுக்கு டிமினசின், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. ஒன்றுக்கு உரிய ஊசி இன்னொன்றைக் குணப்படுத்தாது. ரத்தப் பூச்சு பார்க்காமல் ஊகத்தில் ஊசி போடுவதில் போகிற அந்த இரண்டு நாள்தான் மாட்டைக் கொல்வது. சுரமும் நெறியும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே 1962 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி அந்த எண்ணில்தான் வரும்.

இனி உண்ணி. எல்லா உண்ணியும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். நம் மாடுகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று மேய்ச்சல் நிலத்து உண்ணி. மயிர் முனை அளவு குஞ்சாகப் புல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்து மாட்டின் மேல் ஏறும். ஏறிய பிறகு இறங்காது. அதே மாட்டின் மேலேயே தோலுரித்து வளர்ந்து, ரத்தம் குடித்து, ஏறக்குறைய 21 நாளில் ஆமணக்கு விதை மாதிரி உப்பிக் கீழே விழும். விழுந்த பெண் உண்ணி கல்லுக்கடியில், வெடிப்பில், சருகுக்கு அடியில் 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். வெயில் காலத்தில் விழுந்த நாளிலிருந்து சுமார் 4 வாரத்தில் குஞ்சு வெளிவரும், குளிர் காலத்தில் இன்னும் தாமதம். வெளிவந்த குஞ்சுக்கு மாடு கிடைக்காவிட்டால் பட்டினிதான். மழையும் பனியும் உள்ள மாதங்களில் அது பல மாதம் காத்திருக்கும், சித்திரை வைகாசி வெயிலில் மொட்டைத் தரையில் சில வாரம்கூடத் தாங்காது. இந்த வகைதான் பபேசியாவைக் கொண்டு வருவது.

இரண்டாவது வகை கொட்டாயிலேயே குடியிருக்கும். ஆங்கில எழுத்தே தெரியாத அப்பாவும் இதைக் கால் நீளம், பழுப்பு நிறம், ஓடுகிற ஓட்டம் மூன்றையும் வைத்துச் 'சுவர் உண்ணி' என்று பிரித்துச் சொல்வார். நூல்களில் ஹயலோமா என்று இருக்கும். இது சின்ன வயசில் ஒரு மாட்டின் ரத்தத்தைக் குடித்துவிட்டு இறங்கிப் போய் மண் சுவர் வெடிப்பில், தீவனத் தொட்டியின் சந்தில், கூரைக் கம்பு செருகிய ஓட்டையில் ஒளிந்து தோலுரிக்கும். பெரிதாகி வெளியே வந்து வேறொரு மாட்டில் ஏறும். தைலேரியாவைப் பரப்புவது இதுதான். நாட்டு மாடு ஒரு முறை தைலேரியா வந்து தேறிவிட்டால், வெளியே நோயே தெரியாமல் ரத்தத்தில் அந்தக் கிருமியைக் கொஞ்சம் வைத்துக்கொண்டே நீண்ட நாள் இருக்கும். சுவர் உண்ணி அதைக் கடித்துவிட்டுப் போய், வெடிப்பில் தோலுரித்து, அடுத்த முறை பக்கத்தில் கட்டியிருக்கும் ஜெர்சியைக் கடிக்கும். அண்ணன் கொட்டாயில் நாட்டு மாடும் கன்று போட்ட ஜெர்சியும் ஒரே சுவரோரம் அடுத்தடுத்துக் கட்டியிருந்தன. நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மேய்ச்சலை எவ்வளவு மாற்றினாலும் இந்த வழி அடைபடாது, சுவரைப் பூச வேண்டும்.

சுவர் வேலை ஒரே நாளில் முடிந்தது. வெடிப்புகளைச் சுரண்டிச் சிமென்ட் கலவை வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தோம். நெருப்பு ஊதி வெடிப்பைச் சுடுகிற முறை ஒன்று உண்டு, ஓட்டுக் கொட்டாயில் செய்யலாம். ஓலைக் கொட்டாயில் தயவுசெய்து நினைக்கவே வேண்டாம். சாண எருக்குழியைக் கொட்டாயை ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்தோம். நாட்டுக் கோழிகள் கொட்டாயில் திரியட்டும் என்று விட்டோம், கீழே விழுகிற உண்ணியை அவை கொத்தித் தின்னும். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை காது உட்புறம், மடிச் சந்து, வால் அடி மூன்றையும் பார்த்துக் கையால் எடுப்பது. இதில் ஒரு காரணம் இருக்கிறது: சுவர் உண்ணி கடித்த உடனே தைலேரியா உள்ளே போவதில்லை, அது ஒட்டி ரத்தம் குடிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் எச்சிலில் கிருமி தயாராகிறது. அதற்குள் எடுத்துவிட்டால் தப்பிக்க வழி இருக்கிறது. எடுத்ததை விரலால் நசுக்காதீர்கள், வெந்நீரிலோ மண்ணெண்ணெயிலோ போடுங்கள்.

இனி மேய்ச்சல் நிலத்து உண்ணி. இங்கே 21 என்ற எண் வேலை செய்கிறது. ஒரு முறை மருந்து தெளித்து உண்ணி உதிர்ந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் தெளித்த மறுநாளே புல்லிலிருந்து புதுக் குஞ்சு ஏறிவிடும். அது பெரிதாகிக் கீழே விழ 21 நாள் ஆகும், ஆக 21 நாளைக்குள் அடுத்த தெளிப்பு நடந்தால் எந்தப் பெண் உண்ணியும் முட்டையிட நிலத்துக்குப் போய்ச் சேராது. இப்படி மூன்று நான்கு முறை விடாமல் செய்தால் மாடு ஒரு துடைப்பம் மாதிரி ஆகிவிடும், நிலத்தில் இருக்கிற குஞ்சுகளைத் தானே கூட்டி எடுத்துக்கொண்டு வரும், மேலே ஏறியது மருந்தில் சாகும். ஒரே நேரத்தில் 4 உருப்படிக்கும் தெளிக்க வேண்டும், கறவையை மட்டும் தெளித்துக் கிடேரியை விட்டால் கிடேரி நிலத்தை மறுபடி நிரப்பிவிடும். டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் என்று கடையில் கிடைப்பதை அட்டையில் போட்ட அளவில்தான் கலக்க வேண்டும். நீர்த்துப் போகக் கலந்து தெளித்தால் சாகாமல் தப்பியவை பெருகி, அடுத்த வருஷம் அந்த மருந்துக்கே அசையாத உண்ணியாக நிற்கும். டெல்டாமெத்ரினுக்கு அசையாத உண்ணி நாட்டில் பல இடங்களில் ஏற்கனவே இருக்கிறது. சரியாகத் தெளித்து மூன்று நாள் கழித்தும் உப்பின உண்ணி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு, வேறு வகை மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள். ஐவர்மெக்டின் ஊசி கறவை மாட்டுக்கு வேண்டாம், பாலில் வரும்.

உண்ணிச்செடி இலை, வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. உண்ணி குறைவாக இருக்கும்போது பூசலாம், நானும் பூசியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம். உண்ணிச்செடி மேலே பூசுவதற்குத்தான். மாடு அதைத் தின்றால் கல்லீரல் கெட்டு மஞ்சள் பாயும், வெயில் பட்ட வெள்ளைத் தோல் உரியும். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது வேலியோரம் அதைக் கடிக்கிற மாடுகளை அடிக்கடி பார்க்கிறேன்.

கொல்லையை நைலான் கயிறு கட்டி 4 துண்டாகப் பிரித்தோம். ஒரு துண்டில் 3 வாரம் மேய்ச்சல், பிறகு அடுத்தது. முதல் துண்டுக்குத் திரும்பி வரும்போது அது 9 வாரம் மாடே மிதிக்காமல் கிடந்திருக்கும். கடைசி நாளில் விழுந்த உண்ணியின் முட்டைகூட 4 வாரத்தில் பொரித்து, மீதி 5 வாரம் குஞ்சு பட்டினி கிடக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற மாதங்களில் இந்த 5 வாரம் பெரும்பாலானதைக் கொன்றுவிடும். ஐப்பசி மழை பிடித்த பிறகு இதே கணக்கு பொருந்தாது. ஈரப் புல்லில் குஞ்சு 9 வாரத்தை எளிதாகத் தாண்டும். அந்த மாதங்களில் மாட்டைக் கொட்டாயில் கட்டி, மாடே கால் வைக்காத கழனி வரப்பில் நட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல்லை அறுத்துப் போடுவதுதான் சரியான மாற்று. மாடு போகாத நிலத்தில் மாட்டு உண்ணி இருக்காது.

சந்தையில் வாங்கிய மாட்டை அன்றைக்கே மந்தையில் சேர்க்காதீர்கள். தனியாகக் கட்டி, மருந்து தெளித்து, அதே 21 நாள் வைத்திருங்கள். அண்ணன் வாங்கிய கிடேரி வந்த இரவே கொட்டாயில் நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். உண்ணியை ஒன்றுகூட இல்லாமல் துடைப்பது நம் நோக்கமில்லை. நாட்டுக் கன்றுகள் சின்ன வயசில், ஒரு 9 மாதத்துக்குள், கொஞ்சம் உண்ணிக்கடி பட்டால் பபேசியா லேசாக வந்து போய் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். அந்த வயசில் ஒன்றுமே படாமல் வளர்ந்த மாடு பெரிதான பிறகு முதல் கடியிலேயே படுத்துவிடும். ஆனால் தைலேரியா கலப்பினக் கன்றையும் கொல்லும், அதற்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் மேய்ச்சலில் உண்ணியைக் குறைப்பது, கொட்டாயில் அறவே விடாமல் இருப்பது என்று இரண்டையும் இரண்டாகப் பார்க்கிறேன்.

சரி, இனி இரண்டாவது மாடு.

ஜூன் நடுவில் அந்த மாட்டுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோர்த்துத் தொங்கியது. மேய்ந்து வந்த சாயங்காலம் பெரிதாக இருக்கும், இரவெல்லாம் கட்டிக் கிடந்தபின் காலையில் சுருங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், சூடு இல்லை, வலியும் இல்லை. கல்லீரல் கெட்டு, ரத்தத்தில் புரதம் குறைந்து, தலை தாழ்த்தி மேய்கையில் நீர் அங்கே இறங்குவதால் இப்படி. (சூடாகவும் வலியாகவும் தொண்டை வீங்கி, சுரமும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம், மணிக்கணக்கில் சாகடிக்கும், உடனே மருத்துவர் வேண்டும்.) மாடு இளைத்து மயிர் சிலிர்த்து நின்றது. 8 லிட்டர் 5 ஆகியிருந்தது. 'மார்ச்சில்தானே குடற்புழு மாத்திரை கொடுத்தேன்' என்றார் அண்ணன். கொடுத்தது உண்மை. ஆனால் அது உருண்டைப் புழுவுக்கான ஃபென்பெண்டசோல், தட்டைப்புழுவுக்கு அது சரியான மருந்தில்லை. 'பூச்சி மாத்திரை' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதால் வரும் வினை இது.

தட்டைப்புழு வேப்பிலையை நீளவாக்கில் வைத்த மாதிரி இருக்கும். நம் சமவெளியில் உள்ள வகை 4 முதல் 7 சென்டிமீட்டர் நீளம், பித்தக் குழாய்க்குள் வாழும். அதன் முட்டை பித்தத்தோடு குடலுக்கு வந்து சாணத்தில் விழுகிறது. அந்தச் சாணம் காய்ந்த தரையில் விழுந்தால் முட்டை செத்துப் போகும், கதை முடிந்தது. தண்ணீரில் விழுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரித்து ஒரு குஞ்சு நீந்தி வரும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள். அந்த ஒரு நாளுக்குள் ஏரியில் இருக்கும் ஒரு வகை மெல்லிய ஓட்டு நத்தைக்குள் புக வேண்டும். புகுந்துவிட்டால் நத்தைக்குள்ளேயே பெருகி, இரண்டு மாதம் போல ஆன பிறகு, ஒன்று நூற்றுக்கணக்காகி வெளியே வரும். வந்தவை தண்ணீர் மட்டத்தில் நிற்கும் புல் தண்டில் ஒட்டி, மணல் துகள் அளவு முட்டுக்கூடாக மாறிக் காத்திருக்கும். ஈரத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், நல்ல வெயிலில் காய்ந்தால் சாகும்.

இப்போது நம் ஏரியை நினைத்துப் பாருங்கள். ஆடி ஆவணி மழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஏரி நிறையும். மழையோடு கரையோரச் சாணமெல்லாம் உள்ளே போகும், அதிலிருக்கும் முட்டை பொரித்து வரும் குஞ்சு நத்தைக்குள் புகும். தை மாசியில் தண்ணீர் பின்வாங்கும்போது, அதுவரை தண்ணீருக்குள் இருந்த தண்டுகள் முட்டுக்கூடுகளோடு வெளியே வரும். அந்த நேரத்தில் கொல்லை முழுக்கக் காய்ந்து கிடக்கும், ஊரிலேயே பச்சையாக இருப்பது ஏரியின் அந்தப் பின்வாங்கும் ஓரம் மட்டும்தான். எல்லா மாடும் அங்கேதான் போகும். அண்ணன் வீட்டு மாடுகளும் பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து அங்கேதான் மேய்ந்தன.

தின்ற முட்டுக்கூட்டிலிருந்து வெளிவரும் குட்டிப்புழு கல்லீரலைத் துளைத்துக்கொண்டே வாரக்கணக்கில் போகும், பித்தக் குழாயை அடைந்து முதிர்ந்து முட்டையிடத் தொடங்கச் சுமார் 4 மாதம் ஆகும். ஜூன் நடுவிலிருந்து 4 மாதம் பின்னால் எண்ணினால் பிப்ரவரி நடு. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்த 4 மாதம் தெரியாவிட்டால் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். முதலாவது சாணப் பரிசோதனை. ஏப்ரலில் சோதித்திருந்தால் சாணத்தில் முட்டையே இருந்திருக்காது, ஆனால் கல்லீரலைக் குட்டிப்புழுக்கள் துளைத்துக்கொண்டிருக்கும். முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. இன்னொன்று, தட்டைப்புழு முட்டை கனமானது, மற்ற புழு முட்டைகளை மிதக்க வைத்துப் பார்க்கும் முறையில் இது மேலே வராது. 'படிய வைத்துப் பாருங்கள், தட்டைப்புழு சந்தேகம்' என்று ஆய்வகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது மருந்து. ஆக்சிக்ளோசனைடு முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும், குட்டிப்புழு தப்பிவிடும், அதனால் மறுபடி கொடுக்க வேண்டிவரும். ட்ரைகிளாபெண்டசோல் குட்டியையும் கொல்லும். எது, எவ்வளவு, பாலை எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எடையை மட்டும் நீங்களே அளந்து சொல்லுங்கள், ஏனென்றால் குறை மருந்து கொடுப்பது இங்கே பெரிய தப்பு. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை அங்குலத்தில் உள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். அந்த ஜெர்சிக்குச் சுற்றளவு 60, நீளம் 52. அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600, அதை 52ஆல் பெருக்கினால் 1,87,200, அதை 660ஆல் வகுத்தால் 284 கிலோ. அண்ணன் கண்ணால் பார்த்து 200 என்றார். அவர் சொன்னபடி கொடுத்திருந்தால் தேவையில் 70 சதவீதம்தான் போயிருக்கும்.

நாலு மாட்டின் சாணத்தையும் சோதித்ததில் நாலிலும் முட்டை இருந்தது. நாட்டு மாட்டுக்கு ஒரு அடையாளமும் இல்லை, நன்றாகத் தின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஏரிக்கு முட்டை கொண்டு போகிற வேலையை அதுவும் செய்துகொண்டுதான் இருந்தது. நோய் தெரிகிற மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

மேய்ச்சலில் என்ன மாற்றினோம்? தை கடைசியிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு மாட்டை விடுவதில்லை. பொது ஏரிக்கு வேலி போட முடியாது, அதனால் கரையின் மேட்டுப் பகுதியில் முளை அடித்துக் கயிறு எட்டும் தூரத்தை அளந்து கட்டினோம், மாட்டின் வாய் ஈரத்தைத் தொடாத தூரம். குடிக்கத் தொட்டியில் போர்வெல் தண்ணீர். வைகாசியில் ஏரி முழுக்க வெடித்துக் காய்ந்து சில வாரம் ஆனபிறகு உள்ளே விட்டோம். அப்போதும் மதகு ஓரத்தில் கசிவுநீர் தேங்கும் பள்ளத்துக்கு மட்டும் விடவில்லை. ஏரி காய்ந்தாலும் நத்தை அந்த மாதிரிப் பள்ளத்தில்தான் பிழைத்திருக்கும்.

'நான் மேய்க்கவே இல்லை, அறுத்துத்தான் போடுகிறேன்' என்பவர்களுக்கும் தட்டைப்புழு வரும். ஏரியோரப் புல்லை அடியோடு அறுத்தால் முட்டுக்கூடு கட்டோடு வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு அறுங்கள், இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டுக் கொடுங்கள். நெல் வைக்கோலும் அப்படித்தான், தண்ணீரில் நின்ற அடித்தண்டில்தான் அவை ஒட்டியிருக்கும். அறுத்த ஈரத்தோடு போடாமல் காயவைத்துப் போர் போட்டபின் கொடுப்பது நல்லது. அறுவடை முடிந்த கழனியில் ஆரணிப் பக்கத்திலிருந்து வாத்து மேய்ப்பவர்கள் வந்து கேட்டால் விடுங்கள். வாத்துகள் நத்தையைப் பொறுக்கித் தின்னும், எருவும் கிடைக்கும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதைத்தான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். உண்ணிக்குப் பயந்து கொல்லையைக் காலியாக விட்டு மாட்டை ஏரிக்கு ஓட்டினால் தட்டைப்புழு கிடைக்கும். தட்டைப்புழுவுக்குப் பயந்து எல்லா மாட்டையும் ஒரே மேட்டுக் கொல்லையில் மாசம் முழுக்கக் கட்டினால் உண்ணி பெருகும். அதனால் மாசி பங்குனி இரண்டு மாதத்துக்கும் அண்ணன் வைக்கோலும் அறுத்த நேப்பியரும் முன்கூட்டிச் சேர்த்து வைக்கத் தொடங்கினார். மேட்டுக் கொல்லைத் துண்டுகள் மாறி மாறிப் பாதித் தீனி தந்தன, மீதி கொட்டாயில் கிடைத்தது. வைக்கோல் செலவு கூடியது, அதை மறைக்க முடியாது.

தனி வீடு ஒன்று செய்வதால் ஏரி சுத்தமாகாது என்பதுதான் பெரிய இடைஞ்சல். அந்த ஏரிக்கு எட்டு வீட்டு மாடு வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால், செப்டம்பரில், எல்லா வீட்டு மாட்டுக்கும் ஒரே வாரத்தில் தட்டைப்புழு மருந்து கொடுத்தால், பிப்ரவரியில் தின்றவை முதிர்ந்து நிற்கிற நேரம் அது, ஏரி நிறையும்போது சாணத்தில் முட்டை இருக்காது. தை மாதத்தில் இன்னொரு முறை. இதைச் சொல்லி அண்ணன் எட்டு வீட்டுக்கும் நடந்தார். ஐந்து வீடு ஒத்துக்கொண்டது, இரண்டு வீட்டில் சினை மாடு என்று தயங்கினார்கள், அதற்கு எந்த மருந்து சரி என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்கிறோம் என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். இந்த ஜனவரியில் 4 உருப்படியின் சாணத்தையும் படிய வைத்துப் பார்த்ததில் நாட்டு மாட்டில் மட்டும் முட்டை இருந்தது. கொட்டாய்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அடுத்த தெளிப்பு, அடுத்த துண்டு, அடுத்த மருந்து மூன்றையும் அண்ணி மூன்று நிறப் பேனாவில் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த செப்டம்பருக்கு மற்ற மூன்று வீட்டையும் மறுபடி போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.